சுவர் ஏறிய நிழல்

அந்தப் படத்தில் நிழலின் நுனி இரண்டாம் மாடி ஜன்னலைத் தொட்டதா, ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரிலேயே நின்றுவிட்டதா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தொட்டது என்றுதான் நினைவிருக்கிறது. ஆனால் பயத்தோடு பார்த்த விஷயங்கள் மனதுக்குள் மெல்ல இடம் மாறிக்கொண்டே இருக்கும். மாமி என் கையைப் பிடித்தது வலது கையா இடது கையா என்பதும் அப்படித்தான். மற்றதெல்லாம் நடந்தபடியே சொல்கிறேன் என்று நம்புகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அபிராமபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் அம்பி சார் வைத்திருந்த சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கட்டிடக்கலை படித்துவிட்டுக் கட்டிடம் கட்டாமல், கட்டப்போகும் கட்டிடங்களுக்குப் படம் செய்து கொடுக்கும் வேலை. காலி மனையையோ பழைய வீட்டையோ போட்டோ எடுத்து வரச் செய்வோம். வரைபடத்தை வைத்துப் புதுக் கட்டிடத்தைக் கம்ப்யூட்டரில் உருவாக்கி, அந்தப் போட்டோவுக்குள் நிற்க வைப்போம். பார்ப்பவர் ஒரு கணம் ஏமாற வேண்டும். அதற்குத்தான் பில்டர்கள் வந்தார்கள்.

நெடுஞ்செழியன் என்ற பில்டர் கொண்டுவந்தது மயிலாப்பூரில் ஒரு பழைய வீடு. வடக்கு தெற்காகப் போகும் அகலமில்லாத தெரு. மேற்குப் பக்கம் சின்னக் கோயில், மூன்று நிலைக் கோபுரம். கிழக்குப் பக்கம், கோபுரத்துக்கு நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் தெற்கே தள்ளி, அந்த வீடு. முன்னால் வீட்டையே மறைக்கும் ஒரு வேப்பமரம். வீட்டையும் மரத்தையும் எடுத்துவிட்டு நாலு மாடி கட்டுவதாகத் திட்டம். வீட்டுக்காரி கோமளம் மாமிக்கு இரண்டாம் மாடியில் தெருவைப் பார்த்த ஃபிளாட். அதை அவரே கேட்டு வாங்கினார். காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்தால் கோபுரம் தெரிய வேண்டும் என்றார்.

மாமி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் வரும் முன்பணத்தில்தான் மகன் சாய்நாத்துக்கு இருதய ஆபரேஷன். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் வால்வைக் கெடுத்திருந்தது. இருபத்தெட்டு வயதில் மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார்ந்துவிடுவான். தை பிறப்பதற்குள் செய்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

போட்டோ எடுத்தது செபஸ்தியான். பட்டினப்பாக்கத்துக்காரர், ஆறடி உயரம். ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம் தெருவின் தெற்குக் கோடியில் நின்று வடக்கே பார்த்து எடுத்திருந்தார். படத்தில் இடது பக்கம் கோபுரம், வலது பக்கம் வீடு. பிரிண்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. மதில் சுவரின் மேல் விளிம்பு, பக்கத்து வீட்டு ஜன்னல் விளிம்பு எல்லாவற்றையும் கோடு போட்டு நீட்டினால் தூரத்தில் ஒரே புள்ளியில் சேர்கின்றன. அதில் தப்பில்லை. ஆனால் செபஸ்தியான் சொன்ன லென்ஸை வைத்துக் கம்ப்யூட்டரில் கேமராவை நிறுத்தினால், கட்டிடம் போட்டோவோடு ஒட்டாமல் ஒரு பக்கம் நழுவியது.

"பிரிண்ட்ல ஒரு பக்கம் வெட்டியிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"லேப்புல வெட்டிக்கிறான் போல கீதும்மா. ஓரத்துல ஒரு குப்பத்தொட்டி இருந்துச்சு. பாத்தியா, அத்தக் காணோம்."

"ஓரத்த வெட்டினா படத்தோட நடு மாறிடும். எனக்கு முழு நெகட்டிவும் வேணும், குப்பத்தொட்டியோட."

"இன்னாம்மா நீ! ஊர்ல எல்லாரும் குப்பத்தொட்டிய எடுன்றான், நீ ஒருத்திதான் போடுன்றே" என்று சிரித்துக்கொண்டே போய் மறுபடி பிரிண்ட் போட்டு வந்தார்.

முழுப் படத்தில் எல்லாம் பொருந்தியது. நின்றுகொண்டு எடுத்த படத்தில் தொடுவானம் எடுத்தவரின் கண் உயரத்தில் இருக்கும். தெருவில் நடப்பவர்களின் தலைகள் எல்லாம் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தன. செபஸ்தியான் அவ்வளவு உயரம். அந்தக் கோட்டில் கட்டிடத்தின் விளிம்புகளையும் சேர்த்தேன். அப்புறம் சூரியன். 'வண்டி நிறுத்தாதீர்' பலகையின் கம்பத்தை எடுத்துக்கொண்டேன். கம்பத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் அதிகமாக அதன் நிழல் தெருவில் விழுந்திருந்தது. நேரில் போய் டேப் வைத்து அளந்தேன். அதிலிருந்து சூரியனின் உயரம் கிடைத்தது. நிழல் போன திசை கிழக்கே, கொஞ்சம் தெற்காகச் சாய்ந்து. ஆனியில் நம் ஊரில் சூரியன் வடமேற்கில் அல்லவா இறங்கும். கல்லூரியில் கொடுத்த சூரியப் பாதைப் படத்தில் பார்த்தேன். மாலை ஐந்துக்குள் எடுத்த படம்.

மரத்தை அழித்தேன். கட்டிடத்தை வைத்தேன். மதில் சுவருக்கும், அதன்மேல் சாய்த்திருந்த சைக்கிளுக்கும் பின்னால் கட்டிடத்தின் அடி போகும்படி அவற்றை வெட்டி மேலே ஒட்டினேன். கட்டிடம் தரையைத் தொடும் இடத்தில் ஒரு மெல்லிய இருட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தரத்தில் தொங்கும். அதையும் வைத்தேன்.

அப்போதும் ஏதோ சரியில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் நானும் மின்விசிறியும்தான். பிறகு புரிந்தது. கோபுரத்தின் நிழல் தெருவைக் கடந்து வந்து மதில் சுவரோடு வெட்டுப்பட்டு நின்றுபோயிருந்தது. அசல் போட்டோவில் அது மரத்தின் நிழலுக்குள் போய்க் கரைந்திருந்தது. இப்போது மரம் இல்லை. தரையில் வந்த நிழல் சுவர் வந்தால் சுவரில் ஏற வேண்டும்.

கோபுரத்தைக் கம்ப்யூட்டரில் தோராயமாகச் செய்து, அதே சூரியனை வைத்து, நிழலை விழவிட்டேன். ஒரு படம் வர அரை நாள் ஆனது. வந்தபோது கட்டிடம் தெருவில் நின்றது. உண்மையாகவே நின்றது. கோபுரத்தின் நிழல் தரைத்தளத்தை மூடி, முதல் மாடியில் குறுகி, கலசங்களின் நுனியோடு இரண்டாம் மாடியில் முடிந்திருந்தது.

அம்பி சார் பார்த்துவிட்டு, "பிரமாதம், சாரு" என்றார். அவரும் மயிலாப்பூர்க்காரர்தான். இரண்டு பேருக்கும் அப்போது வேறெதுவும் தோன்றவில்லை. நாங்கள் நிழலைப் பார்த்தோம். எதன் நிழல் என்று பார்க்கவில்லை.

படத்தை அட்டையில் ஒட்டி, நெடுஞ்செழியனோடு நானும் மாமி வீட்டுக்குப் போனேன். மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மடியில் வைத்துப் பார்த்தார்.

"அப்படியே நம்ம தெருன்னா இது! சாய், இங்க வா. நம்ம கபாலி சைக்கிள் கூட இருக்கு பாரு. இஸ்திரி போட வந்தவன் எவ்வளவு நாழி நின்னு அரட்டை அடிச்சிருக்கான்."

சாய்நாத் நாற்காலியின் பின்னால் வந்து நின்றான். மாமியின் விரல் கட்டிடத்தைத் தடவிக்கொண்டு மேலே போனது. எந்த ஜன்னல் தன்னுடையது என்று தேடியது. தேடிய விரல் நின்றது.

"இது என்ன, கறுப்பா?"

நான் சந்தோஷமாகச் சொன்னேன்: "கோபுரத்தோட நிழல், மாமி."

உள்ளே குக்கர் விசில் அடித்தது. மாமி எழுந்து அதை அணைக்கப் போகவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.

"கோபுர நிழல் விழற ஆத்துல குடித்தனம் பண்ணப்படாதுன்னு உனக்கு யாரும் சொல்லலையாம்மா?" என்று கடைசியில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. குரல் மிகவும் சின்னதாக இருந்தது. "கோபுரத்தைப் பாக்கணும்னுதான் கேட்டேன். அது எங்க மேல விழணும்னு கேக்கலையே. இவனுக்கு ஆபரேஷன் பண்ணி இங்கயா கொண்டு வந்து படுக்க வைப்பேன்?"

திரும்பும்போது காரில் நெடுஞ்செழியன் சொன்னார்: "நிழல யாரும்மா கேட்டா உன்ன? ஒரு கட்டடம் கேட்டேன். அந்தம்மா கையெழுத்துப் போடலன்னா எனக்கு வேற மனை கிடைக்கும். அந்தப் பையனுக்கு வேற நெஞ்சு கிடைக்குமா?"

அடுத்த வாரம் அம்பி சாரே உட்கார்ந்து சுவரிலிருந்த நிழலைத் துடைத்து இன்னொரு படம் செய்தார். மாமி அந்த ஜன்னலைப் பார்க்கவே இல்லையாம். தெருவைப் பார்த்தாராம். மதில் வரை வந்த நிழலில் விரலை வைத்து, "இது இங்கேந்து எங்க போச்சு?" என்று கேட்டாராம். பார்க்கக் கற்றுக்கொடுத்தது நான்தான். அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்தது. தை வரை இருக்கும் மாதங்களை எண்ணத் தொடங்கினேன். பஸ்ஸில் போகும்போது எல்லா வீடுகளின் மேலும் எதன் நிழல் விழுகிறது என்று பார்க்கும் வழக்கம் வந்தது.

ஆவணியில் சாய்நாத் ஒரு முறை மயங்கி விழுந்தான். மாமி அப்போதும் கையெழுத்துப் போடவில்லை. "அந்த நிழலுக்குள்ள அவன அனுப்ப மாட்டேன்" என்று மட்டும் சொன்னாராம். போட்டால் நிழல் கொன்றுவிடும்; போடாவிட்டால் நெஞ்சு. இரண்டுக்கும் நடுவில் நான் செய்த படம் இருந்தது.

புரட்டாசியில் அம்பி சார் என் மேசைக்கு வந்து சாதாரணமாகக் கேட்டார்: "சாரு, அந்த நிழல் வருஷம் பூரா விழுமா என்ன?"

"இல்ல சார். ஆடி வரைக்கும்தான் அந்தச் சுவர்ல. அதுக்கப்புறம் சூரியன் தெற்க நகர்ந்துடும், நிழல் வடக்க போயிடும். ஐப்பசியில பக்கத்து வீட்டு மேல விழும்."

"ஓஹோ" என்றார். எதற்குக் கேட்டார் என்று எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

நெடுஞ்செழியன் மாமியிடம் போய், படம் வெறும் படம், கண்ணால் பார்த்தால் நம்புவீர்களா என்று கேட்டிருக்கிறார். புதுக் கட்டிடத்தின் முன்சுவர் வரும் இடத்தில், மரத்தின் கிளைகளைக் கழித்துவிட்டு, சவுக்குக் கட்டைகளால் இரண்டாம் மாடி உயரத்துக்குச் சாரம் கட்டச் சொன்னார். அதன் உச்சியில் எட்டு முழ வேஷ்டி ஒன்றை விரித்துக் கட்டினார்கள். அதுதான் மாமியின் சுவர். ஐப்பசியில் ஒரு சாயங்காலம், படம் எடுத்த அதே நேரம். அம்பி சார் என்னையும் வரச் சொன்னார். நான் வரவில்லை என்றேன். "மாமி நீ வந்தாத்தான் பாப்பேன்னு சொல்றா" என்றார்.

போனேன். தெருவில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். வானத்தில் மேகம். வெயில் வருவதும் போவதுமாக இருந்தது. மாமி ஒரு மடக்கு நாற்காலியில் தெருவிலேயே உட்கார்ந்திருந்தார். சாய்நாத் மதிலில் சாய்ந்து நின்றான். அவன் உதடுகள் நீலமாக இருந்தன. மழை வருவதற்கு முன் வரும் காற்றில் வேஷ்டி படபடத்தது.

"இன்னா சார், சினிமா காட்டப் போறீங்களா? திரையெல்லாம் கட்டிக்கினு கீறீங்க" என்றார் இஸ்திரி கபாலி. இரண்டு பேர் சிரித்தார்கள். மாமி அவரைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

மேகம் விலகியது. கோபுரத்தின் நிழல் தெருவில் நீண்டு எழுந்தது. எல்லோரும் ஒரே பக்கம் தலையைத் திருப்பினோம். நிழல் பக்கத்து வீட்டின் மேல் ஏறியது; அதன் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் கலசத்தின் நுனி தெரிந்தது. எங்கள் வேஷ்டி வெள்ளையாக, முழு வெயிலில், கண் கூசும்படி இருந்தது.

"பாருங்கம்மா" என்றார் நெடுஞ்செழியன். "உங்க கண்ணால பாருங்க. அன்னிக்கி கம்ப்யூட்டர் தப்பாப் போட்டுடுச்சு. மிஷின்தானே."

மாமி வேஷ்டியைப் பார்த்தார். நிழலைப் பார்த்தார். எழுந்து என்னிடம் வந்து கையைப் பிடித்தார். அவர் கை ஜில்லென்று இருந்தது.

"நீ சொல்லு சாரு. ஆனியிலயும் இப்படித்தான் இருக்குமா?"

அம்பி சார் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெடுஞ்செழியன் என்னையே பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் சாய்நாத் தைக்குள் ஆபரேஷன் மேசையில் படுப்பான். நான் வேஷ்டியை அண்ணாந்து பார்த்தேன். சாரத்தின் கயிறுகள் கிறீச்சிட்டன. மேகம் மறுபடி வந்து தெரு முழுவதும் ஒரே நிறமானது.

"விழும்மா" என்றான் சாய்நாத்.

மாமி திரும்பினார்.

"ஆனியில விழும். கட்டப்போற ஆத்து மேல மட்டும் இல்ல. இப்ப இருக்கற ஆத்து மேலயும் விழுந்துண்டுதான் இருக்கு. மரம் மறைச்சிண்டிருக்கு, அவ்வளவுதான்."

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"ஒரு வருஷம் கரண்ட் கம்பியில படறதுன்னு கிளையெல்லாம் கழிச்சாளே. அன்னிக்கி சாயங்காலம் மாடி ரூம்ல படுத்துண்டிருந்தேன். சுவத்துல மூணு கலசம் வந்து நின்னுது. கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறித்து." அவன் மூச்சு வாங்க நிறுத்தினான். "அது அப்பா போன வைகாசி. அப்பா போய் நாலு நாள்தான் ஆயிருந்தது. உங்கிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா நீ எங்க போவே? அப்பறம் மரம் தழைஞ்சுடுத்து. நான் மட்டும் ஒவ்வொரு வருஷமும் சித்திரை பொறந்தா அந்த ரூமுக்குப் போக மாட்டேன். மாடிப்படி ஏற முடியலன்னு நீ நினைச்சிண்டே."

அவன் குரலில் இருந்தது அழுகை இல்லை. வெகுநாள் தூக்கிவந்ததைக் கீழே வைப்பவனின் களைப்பு. அவ்வளவு வருடமும் அவன் தன் நெஞ்சை அந்த நிழல்தான் கெடுத்தது என்று நினைத்துக்கொண்டே வாழ்ந்திருக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. காய்ச்சல்தான் கெடுத்தது என்று டாக்டர் சொன்னதை அவன் நம்பவே இல்லை.

மாமி வீட்டைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. கல்யாணமாகி வந்து இறங்கிய வீடு. கணவர் போன வைகாசியையும், சாய்சரண் என்ற மூத்த பிள்ளை ஆறு வயதில் காய்ச்சலில் போன ஆனியையும் அவர் உதடுகள் ஓசையில்லாமல் எண்ணின. அவை அந்த மாதங்கள் என்று சாய்நாத் பிறகு சொல்லித்தான் தெரிந்தது. பயம் முன்னால் போவதை விட்டு அவருக்குள் பின்னால் ஓடியது. ஒவ்வொரு வருடமாகத் தொட்டுக்கொண்டு ஓடியது. அந்த வருடங்களில் எங்கெல்லாம் நிழல் விழுந்தது என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இதை நான் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டேன். சூரியனைச் சரியாக வைத்தேன், அவ்வளவுதான்.

"இந்த ஆத்துல இனிமே ஒரு வேளை கூட நீ இருக்கப்படாது" என்றார் மாமி. உள்ளே போனார். ஐந்து நிமிடத்தில் ஒரு பையோடும் மருந்து டப்பாவோடும் வந்தார். அடுப்பில் வைத்திருந்ததை இறக்கினாரா என்று கூடத் தெரியாது. நெடுஞ்செழியனிடம் கையை நீட்டினார்.

"பேப்பரைக் குடுங்கோ."

அவர் தயங்கினார். ஜெயித்தவர் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. "அம்மா, நாளைக்கு நிதானமா..."

"குடுங்கோன்னேன். இடிச்சுடுங்கோ. மரத்தையும் சேத்து. ஆனா எனக்கு அந்த ஃபிளாட் வேண்டாம்." என் பக்கம் திரும்பினார். "வருஷத்துல ஒரு நாள் கூட அது வராத இடம் அந்தக் கட்டடத்துல எங்க இருக்குன்னு நீ சொல்லு. நீ சொல்ற இடத்துல இருக்கேன். எனக்குக் கோபுரம் தெரியவேண்டாம்."

கார் பானெட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். முதல் துளிகள் விழுந்து மை கலங்கியது. அன்றே நந்தனத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நான் இரண்டு வாரம் அதே வேலையாக உட்கார்ந்தேன். மாமி கேட்டதற்காக, யாரும் கூலி கொடுக்காமல். சித்திரையிலிருந்து பங்குனி வரை சூரியனை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு மாதமும் நிழல் எந்தச் சுவர் வரை போகிறது என்று போட்டேன். கட்டிடத்தின் பின்புறம், கிழக்கே பார்த்த ஃபிளாட்டுகளை அது தொட வழியே இல்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. கட்டிடமே நடுவில் நிற்கிறது. மொட்டை மாடியின் மேலாகவும் எட்டாது. கோபுரத்தைவிடக் கட்டிடமே உயரம். ஆனாலும் எல்லா மாதமும் போட்டேன். ஒரு மாதத்தை விட்டு, அந்த மாதத்தில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கும் வந்திருந்தது. எனக்கு நம்பிக்கை இல்லாத ஒன்றைப் பார்த்து நான் பயந்தேன். இன்றும் அதற்கு எனக்கு விளக்கம் தெரியாது.

ஆபரேஷனுக்கு முதல் நாள் ஆஸ்பத்திரியில் சாய்நாத்தைப் பார்த்தேன். கட்டில் ஜன்னல் ஓரத்தில் இருந்தது. மாமி இல்லாத நேரமாகப் பார்த்து, "இந்தக் கட்டில் மேல ஏதாவது விழறதா, பாத்துச் சொல்லுங்கோ" என்றான். சிரிக்கத்தான் சொன்னான். நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எதிரே ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. "தண்ணித் தொட்டிதான்" என்றேன். "அது பரவாயில்ல" என்றான். அவன் கை போர்வையை விடாமல் பிடித்திருந்தது.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. சாய்நாத் பிழைத்து, கணக்காளராக வேலைக்குப் போனான். இப்போது புனேயில் இருக்கிறான், ஒரு பெண் இருக்கிறாள். கோமளம் மாமி கிழக்குப் பக்கத்து ஃபிளாட்டில் பல வருடங்கள் இருந்து, ஒரு மார்கழியில் தூக்கத்தில் போய்விட்டார். தெருப் பக்கத்து ஃபிளாட்டை ஒரு டாக்டர் தம்பதி வாங்கினார்கள். அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் எதுவும் ஆகவில்லை. நெடுஞ்செழியன் கட்டிடத் தொழிலை விட்டுவிட்டுக் காஞ்சிபுரம் பக்கம் போனார். அம்பி சார் அலுவலகத்தை மூடிவிட்டு மகளோடு போய் இருக்கிறார். செபஸ்தியான் சாந்தோமில் ஸ்டூடியோ வைத்துக் கல்யாணப் படங்கள் எடுக்கிறார். நான் அடையாறில் இருக்கிறேன். இப்போது யாருக்கும் அப்படிப் படம் செய்து கொடுப்பதில்லை, வரைபடம் மட்டும் வரைகிறேன்.